பத்து லாட் போட்டால் ஒன்றாவது விழுமா? முதன்முதலாக ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கும் வாசகிக்குப் பதில்

கேள்வி: காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். வயது 47. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போட்டு வைத்திருந்த ஒன்றரை லட்சம் ரூபாய் எஃப்.டி. முதிர்ந்துவிட்டது. கட்டணம் கட்ட இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் ஐ.பி.ஓ. அடுத்த மாதம் வருகிறது. விலை 271 முதல் 285 ரூபாய், ஒரு லாட்டுக்கு 52 பங்கு. என் தம்பி ஒரு டெலிகிராம் குழுவில் இருக்கிறான். “கம்பெனி ஃபேக்டரியைப் பெரிசாக்கத்தான் பணம் கேட்கிறது, செபியே ஒப்புதல் கொடுத்துவிட்டது, கிரே மார்க்கெட்டில் 110 ரூபாய் அதிகமாகப் போகிறது, பத்து லாட் போட்டால் ஒன்றாவது விழும், லிஸ்டிங் அன்றைக்கே விற்றுவிடலாம்” என்கிறான். என் கணவர் பெயரில் இன்னொரு விண்ணப்பம் போட்டு, அதற்கான பணத்தைத் தன் யூ.பி.ஐ.யிலிருந்து தானே கட்டுவதாகவும், லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறான். எனக்கு டீமேட் கணக்கு இப்போதுதான் தொடங்கியது. இது எஃப்.டி. மாதிரி பாதுகாப்பானதா? போடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு, அதாவது இந்தக் கம்பெனியின் பங்குக்கு விண்ணப்பிக்கலாமா கூடாதா என்பதற்கு, இந்தப் பகுதியில் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் வருமானம், கடன், சேமிப்பு எதுவும் தெரியாமல் ஒரு குறிப்பிட்ட பங்கை வாங்கு என்றோ விடு என்றோ சொல்வது முறையாகாது. கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படி ஆலோசனை சொல்வோர் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. நான் செய்யக்கூடியது, உங்கள் தம்பி அடுக்கிய காரணங்களில் எவை நிற்கும், எவை நிற்காது என்பதைக் கணக்கோடு காட்டுவதுதான். அதற்கு ஏற்கெனவே நடந்து முடிந்த, உங்கள் மாவட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வெளியீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

எஃப்.டி. பற்றிய உங்கள் ஐயத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம். வங்கியில் போட்ட எஃப்.டி.க்கு வட்டி முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டது. வங்கி நொடித்துப்போனாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. பங்குக்கு இந்த இரண்டும் கிடையாது. விண்ணப்பத்துக்கு முன் கம்பெனி வெளியிடும் ரெட் ஹெரிங் பிராஸ்பெக்டஸ் என்னும் ஆவணத்தின் முகப்புப் பக்கத்திலேயே, போட்ட பணம் முழுவதையும் இழக்கத் தாங்க முடிந்தவர்களே முதலீடு செய்ய வேண்டும் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். எல்லா ஆவணத்திலும் இருக்கும் சம்பிரதாய வாசகம்தானே என்று பெரும்பாலானோர் கடந்துபோவார்கள். கட்டவேண்டிய தேதி குறிக்கப்பட்ட கல்லூரிக் கட்டணத்தைக் கையில் வைத்திருப்பவர் அப்படிக் கடந்துபோகக் கூடாது.

பணம் யார் கைக்குப் போகிறது?

ஐ.பி.ஓ. என்றாலே கம்பெனி மக்களிடம் பணம் திரட்டுகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட காரியங்கள் நடக்கின்றன. ஒன்று புதிய பங்கு வெளியீடு: கம்பெனி புதிதாகப் பங்குகளை உருவாக்கி விற்கிறது; நீங்கள் கொடுக்கும் பணம் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது; அதைக்கொண்டு அது ஆலை கட்டலாம், கடன் அடைக்கலாம். மற்றது ஆஃபர் ஃபார் சேல்: ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் புரமோட்டரோ, தொடக்கத்தில் முதலீடு செய்த நிதி நிறுவனமோ தங்கள் கையிலிருக்கும் பங்குகளை உங்களுக்கு விற்கிறார்கள், பணம் அவர்களுக்குப் போகிறது. பழைய வீட்டை விற்றால் பணம் வீட்டுக்காரருக்குத்தான் போகும், அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி எழும்பாது அல்லவா, அதைப் போன்றதே இது. பல வெளியீடுகளில் இரண்டும் கலந்திருக்கும்.

ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதன் ஆலை இருப்பதால், 2024 அக்டோபரில் அதன் ஐ.பி.ஓ. வந்தபோது உங்கள் மாவட்டத்திலும் பலர் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். 27,870 கோடி ரூபாய் அளவிலான அந்த வெளியீடு, அதற்கு முன் மிகப் பெரியதாக இருந்த எல்.ஐ.சி. வெளியீட்டையும் மிஞ்சியது. ஆனால் அது முழுவதும் ஆஃபர் ஃபார் சேல். தென்கொரியாவில் உள்ள தாய் நிறுவனம் தன் கையிலிருந்த பங்குகளில் 17.5 சதவீதத்தை, ஏறத்தாழ 14.22 கோடிப் பங்குகளை, விற்றது. விற்பனைத் தொகை அதற்கே போனது. இருங்காட்டுக்கோட்டை ஆலையை நடத்தும் இந்திய நிறுவனத்துக்கு அந்த வெளியீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

இதைச் சொல்வதால், ஆஃபர் ஃபார் சேல் என்றாலே ஒதுங்கிவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 நவம்பரில் வந்த டாடா டெக்னாலஜீஸ் வெளியீடும் முழுக்க ஆஃபர் ஃபார் சேல்தான். 500 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்ட பங்கு முதல் நாள் 1,200 ரூபாயில் தொடங்கியது. மறுபக்கம், 2021 நவம்பரில் பேடிஎம் தாய் நிறுவனத்தின் வெளியீட்டில் 8,300 கோடி ரூபாய் புதிய பங்குகளாகவும் 10,000 கோடி ரூபாய் ஆஃபர் ஃபார் சேலாகவும் இருந்தன. 2,150 ரூபாய்ப் பங்கு முதல் நாளிலேயே 25 சதவீதத்துக்கும் மேல் விலை இறங்கியது. ஆக, பணம் யாருக்குப் போகிறது என்பதை வைத்து விலை ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆலை விரிவாக்கத்துக்குத்தான் பணம் என்ற காரணத்துக்காக நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால், அந்தக் காரணம் உண்மையா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பார்ப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. பிராஸ்பெக்டஸ் செபியின் இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். பல நூறு பக்கம் இருந்தாலும் முகப்பிலேயே புதிய பங்கு எவ்வளவு, ஆஃபர் ஃபார் சேல் எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். புதிய பங்கு இருந்தால், வெளியீட்டின் நோக்கங்கள் என்ற அத்தியாயத்துக்குப் போய், தொகை எதெதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அட்டவணையைப் படியுங்கள். அங்கே பெரும்பகுதி பழைய வங்கிக் கடனை அடைப்பதற்கு என்று இருந்தால், உங்கள் தம்பி சொன்ன விரிவாக்கம் வேறு எங்கோ கேட்ட பேச்சு என்று புரிந்துவிடும். பொதுவான நிறுவனச் செலவுகள் என்ற பெயரில் ஒரு தொகையும் இருக்கும். திரட்டும் பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அதற்கு ஒதுக்க விதிகள் அனுமதிப்பதில்லை. முகப்புக்கு அடுத்து நான் பார்க்கச் சொல்லும் இடம், பங்கை விற்பவர்கள் அதை முன்பு சராசரியாக என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற வரி. அதையும் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது விதி. அவர்கள் கொடுத்த விலைக்கும் உங்களிடம் கேட்கும் விலைக்கும் உள்ள தூரம் பல ஆண்டு வளர்ச்சியின் பலனாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தூரத்தைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

செபி ஒப்புதல் என்றால் என்ன?

கம்பெனி தன் வரைவு ஆவணத்தைச் செபியிடம் தாக்கல் செய்கிறது. சொல்ல வேண்டிய தகவல்கள் அனைத்தும் சொல்லப்பட்டிருக்கின்றனவா, விதிகளின்படி இருக்கின்றனவா என்று செபி ஆராய்ந்து தன் கருத்துரைகளை அனுப்புகிறது. கம்பெனி அவற்றுக்கேற்ப ஆவணத்தைத் திருத்திய பிறகே வெளியீட்டுக்கு வர முடியும். இதைத்தான் செய்தித்தாள்கள் சுருக்கமாக ‘செபி ஒப்புதல்’ என்று எழுதுகின்றன. இந்தக் கம்பெனி நல்லது, இந்த விலை நியாயமானது என்று செபி எங்கேயும் சான்று கொடுப்பதில்லை. பங்குகளைச் செபி பரிந்துரைக்கவும் இல்லை, ஆவணத்தின் துல்லியத்துக்கு உத்தரவாதம் தரவும் இல்லை என்று பிராஸ்பெக்டஸின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். விலையைக் கம்பெனியும் அதன் வணிக வங்கியாளர்களும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பது விற்பவரின் பக்கத்தில்.

பத்து லாட் கணக்கு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். கேட்ட அளவுக்கு ஏற்பப் பங்கு கொடுத்த பழைய காலத்து விகிதாச்சார ஒதுக்கீட்டின் நினைவில் இன்றும் பலர் இப்படிச் சொல்கிறார்கள். இப்போதைய விதி வேறு.

இரண்டு லட்சம் ரூபாய் வரை விண்ணப்பிக்கும் தனிநபர்கள் சில்லறை முதலீட்டாளர் என்ற பிரிவில் வருவார்கள். இந்தப் பிரிவுக்குப் பெரும்பாலான வெளியீடுகளில் குறைந்தது 35 சதவீதப் பங்குகள் ஒதுக்கப்படும். லாப வரலாற்று நிபந்தனைகளை நிறைவு செய்யாத கம்பெனிகளின் வெளியீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. விண்ணப்பங்கள் அளவுக்கு மீறி வந்தால், முடிந்த அளவு அதிகம் பேருக்கு ஆளுக்கு ஒரு லாட் கொடுக்க வேண்டும் என்பதே விதி. ஆள் எண்ணிக்கை லாட் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் கணினிக் குலுக்கல்.

எண்களை வைத்துப் பார்ப்போம். சில்லறைப் பிரிவில் ஒரு லட்சம் லாட் இருக்கிறது. எட்டு லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பேரில் ஒருவருக்கு ஒரு லாட் கிடைக்கும். நீங்கள் ஒரு லாட்டுக்கு 14,820 ரூபாய் வைத்து விண்ணப்பித்திருந்தாலும், பத்து லாட்டுக்கு 1,48,200 ரூபாய் வைத்து விண்ணப்பித்திருந்தாலும், குலுக்கலில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு சீட்டுதான். வாய்ப்பு எட்டில் ஒன்று. கிடைத்தால் கிடைப்பதும் ஒரு லாட்தான். இங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எட்டு லட்சம் பேரும் சராசரியாக இரண்டிரண்டு லாட் கேட்டிருந்தால், தொலைக்காட்சியில் ‘சில்லறைப் பிரிவில் 16 மடங்கு விண்ணப்பம்’ என்று ஓடும். உண்மையில் குலுக்கல் எட்டுக்கு ஒன்று. பத்து லாட் போட்டவர்களே அந்த மடங்கை ஊதிக்காட்டுகிறார்கள்.

அப்படியென்றால் பத்து லாட்டும் எப்போது கிடைக்கும்? பிரிவு நிரம்பாதபோது. எத்தனை பங்கு வைத்திருக்கிறார்களோ அதைவிடக் குறைவாகவே மக்கள் கேட்டிருந்தால், கேட்டவர் எல்லோருக்கும் கேட்ட அளவு முழுதாகக் கிடைத்துவிடும். அதாவது, பிறர் அதிகம் விரும்பும் வெளியீட்டில் உங்களுக்கு ஒரு லாட் அல்லது ஒன்றுமில்லை. பிறர் ஒதுங்கிக்கொண்ட வெளியீட்டில் உங்கள் ஒன்றரை லட்சமும் பங்காக மாறிவிடும். உங்கள் தம்பி இந்தப் பக்கத்தை யோசித்திருக்க மாட்டார்.

ஹூண்டாயில் இதுவே நடந்தது. மொத்த வெளியீட்டுக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் விண்ணப்பங்கள் வந்தன. அதைக் கேட்டால் நிரம்பி வழிந்தது போலத் தோன்றும். ஆனால் அது பெரிய நிதி நிறுவனங்கள் தங்கள் பிரிவில் ஏறத்தாழ ஏழு மடங்கு கேட்டதால் வந்த கணக்கு. சில்லறைப் பிரிவில் வைத்திருந்ததில் பாதிக்குத்தான் ஆள் வந்தது. ஒரு லாட் 7 பங்கு, விலை 1,960 ரூபாய். பத்து லாட் கேட்ட ஒருவருக்குப் பத்தும் கிடைத்திருக்கும்: 70 பங்கு, 1,37,200 ரூபாய். அக்டோபர் 22 அன்று தேசியப் பங்குச் சந்தையில் பங்கு 1,934 ரூபாயில் தொடங்கியது. தொடக்க விலையிலேயே விற்றிருந்தால் 1,820 ரூபாய் நஷ்டம், தரகுக் கட்டணம் தனி. மாலையில் பங்கு ஏறத்தாழ 7 சதவீத இறக்கத்தில் முடிந்தது. அப்போது விற்றிருந்தால் நஷ்டம் பத்தாயிரத்தை நெருங்கியிருக்கும். 2025 ஏப்ரலில் விலை 1,600 ரூபாய்க்கும் கீழே போனது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியீட்டு விலையைத் தாண்டி நன்றாகவே ஏறியது. காத்திருக்க முடிந்தவருக்கு இது ஒரு கதை. அந்த ஏப்ரலிலேயே கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டியிருந்தவருக்கு 1,37,200 ரூபாய் 1,12,000க்கும் கீழே சுருங்கியது மட்டுமே கதை. நீங்கள் சொல்லும் எட்டு மாதக் கெடு எனக்கு அதனால்தான் உறுத்துகிறது. கட்டணப் பணத்தைத் தொடாமல், வேறு சேமிப்பிலிருந்து ஒரே ஒரு லாட்டுக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கும், கட்டணப் பணம் முழுவதையும் பத்து லாட்டில் வைக்கும் ஒருவருக்கும் குலுக்கலில் வாய்ப்பு சமம். ஆபத்து மட்டும் பத்து மடங்கு வேறுபடுகிறது.

கணவர் பெயர், தம்பியின் பணம்

உங்கள் கணவர் தன் பான் எண்ணில், தன் டீமேட் கணக்கில், தன் வங்கிக் கணக்கிலிருந்து தனியாக விண்ணப்பிப்பதில் தவறு எதுவும் இல்லை. அது இன்னொரு சீட்டு, முறையான சீட்டு. ஒரே பான் எண்ணில் இரண்டு விண்ணப்பம் போனால்தான் சிக்கல். அப்போது எல்லாமே நிராகரிக்கப்படும்.

உங்கள் தம்பி சொல்லும் ஏற்பாடு இதிலிருந்து வேறுபட்டது. விண்ணப்பம் ஒருவர் பெயரில், பணம் இன்னொருவர் வங்கிக் கணக்கிலிருந்து என்பதை விதி ஏற்பதில்லை. விண்ணப்பதாரரின் பெயரில் உள்ள கணக்கோடு இணைந்த யூ.பி.ஐ. முகவரியே வேண்டும். பான் எண்ணும் கணக்கும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் கட்டத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் கழிக்கப்படும். உறவினருக்குள் உதவிதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் லாபத்தைப் பிரித்துக்கொள்வது என்ற பேச்சு வந்தவுடன், ஒருவரே பல பெயர்களில் பங்குக்கு விண்ணப்பிப்பதாக அது தோன்ற ஆரம்பிக்கிறது. கம்பெனிகள் சட்டம், 2013இன் 38ஆவது பிரிவு வெவ்வேறு பெயர்களில் பல விண்ணப்பம் போடுவதையும் அதற்கு உடந்தையாக இருப்பதையும் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவைப் பிராஸ்பெக்டஸிலேயே எடுத்து அச்சிட்டிருப்பார்கள். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில் சிலர் ஆயிரக்கணக்கான போலி டீமேட் கணக்குகள் தொடங்கி, சில்லறை மக்களுக்குப் போக வேண்டிய பங்குகளைச் சுருட்டியது வெளியானதிலிருந்து இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். ஒரு லாட்டுக்காகக் குடும்பத்தின் மேல் யாரும் வழக்குப் போட வருவார்கள் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் பங்கு உங்கள் கணவர் பெயரில் விழுந்தால் சட்டப்படி அது அவருடையது. அதில் வரும் லாபத்துக்கான வரியும் அவர் கணக்கில்தான் வரும். லிஸ்டிங் அன்று விற்றால் அது குறுகிய கால லாபம், பொதுவாக 20 சதவீத வரிக்கு உட்பட்டது. நஷ்டம் வந்தால் யார் ஏற்பது என்று தம்பி எதுவும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

டெலிகிராம் குழுவைப் பற்றியும் ஒரு சொல். பெரிய நிறுவனங்களின் பிரிவில் உறுதியான ஒதுக்கீடு வாங்கித் தருகிறோம், இந்தச் செயலியைத் தரவிறக்குங்கள், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று அந்தக் குழுவில் எப்போதாவது யாராவது கேட்டால், அங்கேயே வெளியேறிவிடுங்கள். உண்மையான ஐ.பி.ஓ. விண்ணப்பத்தில் யார் கணக்குக்கும் நீங்கள் பணம் அனுப்ப வேண்டியதே இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கிரே மார்க்கெட் 110 ரூபாய்

கிரே மார்க்கெட் என்பது பங்கு சந்தையில் பட்டியலிடப்படுவதற்கு, அதாவது லிஸ்டிங்குக்கு, முன் சிலர் வாய்மொழியாகவே பேரம் பேசிக்கொள்ளும் இடம். அதைப் பங்குச் சந்தை நடத்தவில்லை, செபி கண்காணிக்கவில்லை. 110 ரூபாய் என்று யார் யாரிடம் எத்தனை பங்குக்குப் பேசினார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. நாலு பேர் சேர்ந்து நினைத்தால் எண்ணை உயர்த்திக் காட்ட முடியும். ஹூண்டாய்க்கும் வெளியீடு திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு சில நூறு ரூபாய் அதிகம் பேசப்பட்டது. விண்ணப்பம் தொடங்கும் நேரத்தில் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. சில வெளியீடுகளில் இந்த எண் சொல்லிவைத்தாற்போல் பலித்ததும் உண்டு. பலித்தவையே குழுக்களில் திரும்பத் திரும்பப் பேசப்படும்.

முதல் நாளே விற்றுவிடலாம் என்ற திட்டத்தில் நடைமுறையில் ஒரு பொறி இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த 144 வெளியீடுகளை ஆராய்ந்து செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில் மதிப்பின்படி ஏறத்தாழ பாதியை ஒரு வாரத்துக்குள் விற்றிருந்தார்கள். விலை 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய வெளியீடுகளில் மூன்றில் இரண்டு பங்கை விற்றார்கள். விலை இறங்கியவற்றில் நான்கில் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. அதாவது, லாபம் வந்தால் விற்பது எல்லோருக்கும் எளிது. நஷ்டத்தில் தொடங்கினால், கொடுத்த விலையாவது வரட்டும் என்று பெரும்பாலானோர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அன்றைக்கே விற்பேன் என்பவர், 285 ரூபாய்ப் பங்கு 260 ரூபாயில் தொடங்கினாலும் அன்றைக்கே விற்பாரா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு உங்கள் தம்பி சொல்லும் பதிலைவிட நீங்கள் சொல்லும் பதில் முக்கியம், பணம் உங்களுடையது.

விண்ணப்பித்தால் நடப்பது என்ன?

விண்ணப்பித்தவுடன் பணம் உங்கள் கணக்கை விட்டுப் போகாது. தொகை உங்கள் வங்கிக் கணக்கிலேயே பிளாக் செய்யப்படும். அதை நீங்கள் எடுக்க முடியாது, ஆனால் சேமிப்புக் கணக்கின் வட்டி அதற்குச் சேர்ந்துகொண்டே இருக்கும். யூ.பி.ஐ. வழியாக விண்ணப்பித்தால், தரகரின் செயலியில் படிவத்தை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. தொகையைப் பிளாக் செய்ய அனுமதி கேட்டு உங்கள் யூ.பி.ஐ. செயலிக்கு ஒரு மேண்டேட் கோரிக்கை வரும். அதில் கம்பெனியின் பெயரையும் தொகையையும் சரிபார்த்து, உங்கள் யூ.பி.ஐ. பின் எண்ணைப் போட்டு ஏற்க வேண்டும். வெளியீடு மூடும் நாள் மாலை 5 மணிக்குள் ஏற்காவிட்டால் விண்ணப்பம் செல்லாது. புதியவர்கள் இங்கேதான் அதிகம் தவறவிடுகிறார்கள், கடைசி நாள் மாலையில் கோரிக்கை தாமதமாக வருவதும் நடக்கும்.

படிவத்தில் விலை என்ற இடத்தில் கட்-ஆஃப் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைக் குறித்தால், இறுதியில் எந்த விலை தீர்மானிக்கப்பட்டாலும் அதற்குச் சம்மதம் என்று பொருள். பிளாக் ஆவது உச்ச விலைக்கு உரிய தொகை. குறைந்த விலையான 271ஐ எழுதினால் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள், இறுதி விலை 285 என்று முடிவானால் அந்த விண்ணப்பம் ஒதுக்கீட்டுக்கே வராது. வெளியீடு குறைந்தது மூன்று வேலைநாள் திறந்திருக்கும். மூடும் வரை, சில்லறைப் பிரிவினர் விண்ணப்பத்தைத் திருத்தவும் முழுதாகத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. மூடிய பிறகு இல்லை. ஆகவே முதல் நாளே அவசரப்பட வேண்டியதில்லை. குலுக்கலில் முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேதமும் கிடையாது.

மூடிய நாளிலிருந்து மூன்றாவது வேலைநாளில் பங்கு பட்டியலிடப்பட வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் கட்டாயம். அதற்கு முன்பே ஒதுக்கீட்டு முடிவு வந்துவிடும்; ஒதுக்கீட்டு வேலையைக் கவனிக்கும் பதிவாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். பங்கு கிடைத்தால் அதற்கான தொகை மட்டும் கழிக்கப்பட்டு, பங்கு டீமேட் கணக்கில் ஏறும். கிடைக்காவிட்டால் பிளாக் நீங்கி, முழுத் தொகையையும் நீங்கள் மறுபடி பயன்படுத்தலாம்.

பட்டியலிட்ட மறுநாளும் பிளாக் நீங்கவில்லை என்றால் பொறுமையாகக் காத்திருக்கத் தேவையில்லை. மேண்டேட் ஏற்றபோது வந்த குறுஞ்செய்தி, விண்ணப்ப எண், வங்கிக் கணக்கின் தற்போதைய நிலை ஆகியவற்றின் படங்களோடு முதலில் உங்கள் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தாமதமான நாளுக்கு 100 ரூபாய் அல்லது விண்ணப்பத் தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, இவற்றில் எது அதிகமோ அதை இழப்பீடாகத் தர வேண்டும் என்று செபியின் சுற்றறிக்கை சொல்கிறது. புகாரில் அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். வெளியீட்டுக்கெனப் பிராஸ்பெக்டஸில் பெயர் குறிப்பிடப்பட்ட பதிவாளருக்கும் ஒரு நகல் போகட்டும். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் குறைதீர்ப்புத் தளத்தில் பான் எண்ணைக் கொண்டு பதிவு செய்து புகாரை ஏற்றலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, இடையில் ஆளும் தேவையில்லை.